பெரியம்மாவின் நோட்டும் ஒரு பழைய இயற்பியல் புத்தகமும்

படிவம் 6 இயற்பியலில் நான் தடுமாறிக் கொண்டிருந்தபோது, பெரியம்மா தம் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். 1974இல் எச்.எஸ்.சி. தேர்வுக்காக அவர் போட்ட கணக்குகள் அதில் இருந்தன. ஒவ்வொரு படியும் தெளிவாக இருந்தது. ஆனால் கேள்விகள் மட்டும் இல்லை. மேலே ஒரு பக்க எண், ஒரு கணக்கு எண், கீழே நேராக 0.5 × 12 = 6 N என்று விடை. எதற்கு 0.5, எதற்கு 12 என்று புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

புத்தகம் நெல்கன், பார்க்கர் எழுதிய ‘அட்வான்ஸ்ட் லெவல் பிசிக்ஸ்’. பெரியம்மா தம் பிரதியைப் படிப்பு முடிந்ததும் விற்றுவிட்டாராம். “கனமான புத்தகம்மா, ஹைனமன் வெளியீடு. அட்டை நிறம் ஞாபகம் இல்லை” என்றார்.

முதலில் கோலாலம்பூரில் பாடநூல் விற்கும் ஒரு விநியோகஸ்தரைக் கேட்டேன். பழைய பதிப்பு எதுவும் இல்லை, தேடினாலும் ஏழாம் பதிப்புதான் கிடைக்கும் என்றார்கள். அது 1995இல் வந்தது. இடையில் பாடங்களும் பயிற்சிகளும் மாறிவிட்டதால் பெரியம்மாவின் பக்க எண்களுக்கு அது உதவாது.

அடுத்து பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட். மாடியில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் விதத்தில் முதுகு மட்டும்தான் தெரியும். அரை மணி நேரத்தில் ஒரு நெல்கன் கிடைத்தது. முன்பக்கங்கள் கிழிந்திருந்தன. பழையதாகத்தானே இருக்கிறது என்று பேரம்கூடப் பேசாமல் 15 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன்.

வீட்டில் திறந்து பார்த்தால் எந்திரவியல் பகுதி முழுக்க டைன், எர்க். புவியீர்ப்பு முடுக்கம் 980. பெரியம்மாவின் நோட்டிலோ நியூட்டன், ஜூல், 9.8. அவர் சொன்ன பக்கத்தில் வேறு ஏதோ பாடம். புத்தகம் முதன்முதலில் வெளிவந்தது 1958இல். எஸ்ஐ அலகுகளுக்கு மாறியது 1970இல் வந்த மூன்றாம் பதிப்பில். நான் வாங்கியது அதற்கும் முந்தியது. கடையிலேயே விசைப் பாடத்தைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அலகுகளை மட்டும் நம்பவும் முடியாது. 1977இல் வந்த நான்காம் பதிப்பிலும் எஸ்ஐதான். அது பெரியம்மா தேர்வு எழுதிய பிறகு வந்தது என்பதால், அவர் வைத்திருந்தது மூன்றாம் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முன்பக்கம் இல்லாத புத்தகத்தில் மூன்றையும் நான்கையும் எப்படிப் பிரிப்பது? அதற்கு நோட்டுதான் வழி. மூன்று கணக்குகளின் பக்க எண்ணையும் விடையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே வாங்குவது.

பதிப்பு வேறு, மறு அச்சு வேறு என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பு ஆண்டும் அதன் கீழே மறு அச்சு ஆண்டுகளும் இருக்கும். மறு அச்சில் பொதுவாகப் பக்கங்கள் மாறுவதில்லை. எனக்கு 1974ஆம் ஆண்டுப் பிரதிதான் வேண்டும் என்பதில்லை. மூன்றாம் பதிப்பின் எந்த அச்சும் போதும். அக்காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் எஸ்பிஎன் என்று ஒன்பது இலக்க எண் மட்டும் இருக்கும். இணையத்தில் அப்படியே தட்டினால் எதுவும் வராமல் போகலாம். முன்னால் ஒரு 0 சேர்த்தால் அதுவே பத்து இலக்க ஐஎஸ்பிஎன். கடைசி இலக்கம் மாறாது.

இரண்டாவது முறை சௌராஸ்தா போனபோது கடைக்காரரிடம் “பழைய நெல்கன் இருக்கா?” என்று கேட்கவில்லை. ஆசிரியர் பெயர், மூன்றாம் பதிப்பு, ஹைனமன் என்று எழுதிக் கொடுத்தேன். “இந்த மாதிரி புத்தகம் பள்ளி நூலகத்தை ஒழிக்கும்போதுதாம்மா வரும். பேப்பர்காரங்ககிட்ட போய், அங்கிருந்து எங்ககிட்ட வரும். நம்பரை விட்டுட்டுப் போங்க” என்றார். வந்தால் அட்டையை அல்ல, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஏழு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மூன்றாம் பதிப்பு. கீழே மறு அச்சு ஆண்டுகள். துண்டுத்தாளில் இருந்த மூன்று பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், மூன்றும் பொருந்தின. அஞ்சல் செலவோடு 25 ரிங்கிட். உள்ளே ஒரு பள்ளி நூலக முத்திரை, கறையான் தின்ற இரண்டு ஓரங்கள்.

அரை கிலோ பொருள், 12 என்ற முடுக்கம். அந்த 6 N எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் கேள்வியை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். “அடுத்த கணக்கைப் பார். அது எனக்கு வரவே இல்லை” என்றார். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே வெற்றிடம்தான் இருந்தது.