அதே வீடியோ, வேறு ஆள்

மாடித்தோட்டம் பற்றி வீடியோ போடும் ஒரு யூடியூப் சேனலை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் கமெண்டில் ஒருவர் கேட்கிறார்: "விதை பாக்கெட்டுக்குக் கூரியர் காசு 149 ரூபாய் அனுப்பி ஒரு வாரம் ஆச்சுங்க, இன்னும் வரலையே?" சேனல்காரருக்குத் தலை சுற்றுகிறது. விதை தருவதாக அவர் எங்கேயும் சொல்லவில்லை. பழைய கமெண்டுகளைப் புரட்டினால், அவருடைய படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் பார்வையாளர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்: "வாழ்த்துகள்! இலவச விதைக்கு நீங்கள் தேர்வாகியுள்ளீர்கள், இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு வாருங்கள்." அதே எரிச்சலோடு தன் வீடியோ தலைப்பைத் தேடிப் பார்த்தால், தேங்காய் நார்க்கழிவில் மண்கலவை தயாரிக்கும் அவருடைய வீடியோ முழுசாக இன்னொரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேனல் கற்பனைதான். தந்திரங்கள் இரண்டும் அன்றாடம் நடப்பவை. இவை தனித்தனிக் குற்றங்கள், தனித்தனியாகத்தான் புகார் செய்ய வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வீடியோவைத் தூக்கிப் போட்டவர் தன் சொந்தப் பெயரில் போட்டிருந்தால், அது காப்புரிமை மீறல்; ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுத்தால் எடுபடாது. படத்தையும் பெயரையும் மட்டும் திருடி ஒரு வீடியோகூடப் போடாதவர்மேல் காப்புரிமைப் புகார் கொடுத்தால், "எந்த வீடியோ?" என்ற கேள்வியிலேயே படிவம் நின்றுவிடும். இரண்டையும் செய்பவர்மேல் இரண்டு புகாரும் கொடுக்கலாம்.

முதலில் வீடியோ திருட்டு. யூடியூப் 2018-இல் Copyright Match Tool என்ற வசதியைக் கொண்டுவந்தது. யூடியூபில் வருமானப் பங்கு பெறும் சேனல்களின் ஸ்டுடியோவில் இது இருக்கும். நீங்கள் போட்ட பிறகு வேறு யாராவது அதே வீடியோவை முழுசாகவோ பெரும்பகுதியாகவோ ஏற்றினால், Matches என்ற பட்டியலில் காட்டும். எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். வருமானப் பங்கு இல்லாத சேனல்காரர் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நேரடியாக நிரப்பலாம். அந்தப் புகார் ஏற்கப்பட்டால் இந்த வசதி அவருக்கும் கிடைக்கக்கூடும்.

ஆனால் கருவியை முழுக்க நம்பியிருக்க முடியாது. சின்னத் துண்டுகளை அது விட்டுவிடலாம். படத்தை இடவலமாகத் திருப்பியோ, ஓரத்தை வெட்டியோ, வேகத்தைக் கூட்டியோ ஏற்றினாலும் தப்பிவிட வாய்ப்புண்டு. ஃபேஸ்புக்கில் போனது இதில் தெரியவே தெரியாது. அதனால் கையாலும் தேட வேண்டும். தலைப்பை அப்படியே தேடிப் பார்க்கலாம். திருடுபவர் தலைப்பை மாற்றினாலும் முகப்புப் படத்தை மாற்றச் சோம்பல்படுவார். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் பல சமயம் மாட்டிக்கொள்வார்.

நம் சேனல்காரரின் பட்டியலில் அந்த மண்கலவை வீடியோ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை உடனே நீக்கச் சொல்லலாம். ஏழு நாள் அவகாசமும் கொடுக்கலாம். அவகாசத்துக்குள் அந்த ஆளே வீடியோவை எடுத்துவிட்டால் அவருக்குக் காப்புரிமை ஸ்டிரைக் விழாது. தெரியாமல் செய்தவர்போலத் தோன்றினால் அவகாசம் கொடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. சேனல் முழுக்க அடுத்தவர் வீடியோவாகவே இருந்தால் தயவு தாட்சண்யம் தேவையில்லை. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே மூடப்படலாம். அதே வீடியோவின் நகல் மறுபடி ஏறாமல் தடுக்கச் சொல்லும் கட்டமும் புகாரிலேயே இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விட்டால், நாளைக்கு இன்னொரு சேனலில் அதே வீடியோவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புகார் கொடுக்குமுன் ஒன்றிரண்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீடியோவை ஏற்றும்போது Creative Commons உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். உங்கள் வீடியோவில் சில வினாடிகளைக் காட்டி "இந்தக் கலவையில் செடி அழுகும்" என்று ஒருவர் விமர்சித்தால், அது கசப்பாக இருக்கலாம், திருட்டு ஆகாது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கு இடம் தருகிறது. பொய்ப் புகார் விளையாட்டல்ல. கிறிஸ்டோபர் பிரேடி என்ற அமெரிக்கர் மைன்கிராஃப்ட் வீடியோக்காரர்கள்மேல் பொய்யாகக் காப்புரிமைப் புகார் கொடுத்து, அதை விலக்கிக்கொள்ளப் பணம் கேட்டார். 2019-இல் யூடியூபே அவர்மேல் வழக்குப் போட்டது; 25,000 டாலர் கொடுத்து அவர் சமரசம் செய்துகொண்டார்.

எதிராளி சும்மா இருக்கமாட்டார். "இது என் வீடியோதான்" என்று எதிர் அறிவிப்பு கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. அப்படிக் கொடுத்தால், பத்து வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குத் தொடர்ந்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் அவருக்குப் போகக்கூடும் என்பதால், புகாருக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

இனி போலிச் சேனல். ஹேண்டில் என்ற @ முகவரி ஒருவருக்கு ஒன்றுதான் என்றாலும், நடுவில் ஓர் அடிக்கோடோ கடைசியில் ஓர் எண்ணோ சேர்த்தால் வேறு முகவரி ஆகிவிடும். சேனல் பெயருக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. தமிழ்ப் பெயரில் இன்னும் வசதி: துணைக்காலும் 'ர'வும் பல எழுத்துருக்களில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். 'மாடி' என்பதை 'மரடி' என்று அடித்து வைத்தால், கைபேசியின் சின்ன எழுத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? முன்பெல்லாம் போலிகள் சந்தாதாரர் எண்ணிக்கையையும் மறைத்துக்கொள்ள முடிந்தது; 2022 ஜூலை இறுதியில் யூடியூப் அந்த வசதியை எடுத்துவிட்டது. அதனால் இப்போது, பெயரைத் தொட்டுச் சேனலுக்குள் போய்ப் பார்த்தால் நான்கைந்து சந்தாதாரரோடு சாயம் வெளுத்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. சொந்தச் சேனலில் உரிமையாளர் கமெண்ட் போட்டால் அவர் பெயருக்குப் பின்னால் வண்ணப் பட்டை தெரியும். போலிக்கு அது வராது. "பட்டை இல்லாமல் என் பெயரில் பதில் வந்தால் அது நான் இல்லை" என்று ஒரு கமெண்ட் எழுதி, எல்லா வீடியோவிலும் பின் செய்து வைக்கலாம்.

புகார் கொடுக்க, போலிச் சேனலின் விவரப் பகுதியில் Report user என்பதைத் திறந்து ஆள்மாறாட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போலி கமெண்டை மட்டும் அழித்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். அந்த ஆள் அடுத்த வீடியோவுக்கு நகர்ந்துவிடுவார். கமெண்டுக்குப் பக்கத்து மெனுவில் அவரைச் சேனலிலிருந்தே மறைத்துவிட்டு, பிறகு சேனல்மேல் புகார் கொடுங்கள். ஸ்டுடியோ அமைப்புகளில் இணைப்புள்ள கமெண்டுகளை நிறுத்திவைக்கலாம். 'வாட்ஸ்அப்', 'டெலிகிராம்' போன்ற சொற்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். அவர்கள் எண்களை விசித்திர எழுத்தில் எழுதித் தப்பப் பார்ப்பார்கள், ஆனாலும் பாதித் தொல்லை குறையும்.

149 ரூபாய் அனுப்பியவருக்கு யூடியூப் புகாரால் காசு திரும்பாது. அவர் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிய வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பணம் கைமாறிப் போய்விடும். அவருக்குத் தேவைப்படும் ஆதாரம் சேனல்காரரிடமும் இருக்கும். ஆகவே எதையும் அழிப்பதற்கும் புகார் செய்வதற்கும் முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை மட்டும் குறித்து வைத்தால் போதாது, அதை மாற்றிக்கொள்ள முடியும். சேனல் பக்கத்தில் பகிரும் பகுதிக்குள் Copy channel ID என்று இருக்கும். UC என்று தொடங்கும் அந்த 24 எழுத்து எண் மட்டும், அந்த ஆள் பெயரையும் படத்தையும் எத்தனை முறை மாற்றினாலும் மாறாது.