பம்பு கிளம்பினால் போர்டு படுக்கிறது

மண் காய்ந்ததும் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவியைச் செய்து பார்க்க ஆசைப்படாத எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் குறைவு. ஓர் இஎஸ்பி-32 போர்டு, ஈரம் பார்க்கும் சென்சார், நீல நிற ரிலே, 5 வோல்ட் குட்டி பம்பு போதும். எல்லாவற்றுக்கும் ஒரே செல்போன் சார்ஜர். நிரலில் பிழை இல்லை, வயரிங்கும் சரி. ஆனால் ரிலே ‘டக்’கென்று அடித்த கணமே போர்டு அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தொடங்கியதும் மண் காய்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பவும் பம்பைப் போடுகிறது. திரும்பவும் விழுகிறது. டக், டக், டக். செடிக்கு ஒரு சொட்டுகூடப் போய்ச் சேருவதில்லை.

அப்போது சீரியல் மானிட்டரைத் திறந்தால் பெரும்பாலும் இந்த வரி தெரியும்:

```
Brownout detector was triggered
```

சிப்புக்குள் இருக்கும் ஒரு காவல் சுற்று, மின்னழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கியதைக் கண்டு சிப்பை நிறுத்திவிட்டது என்று பொருள். போர்வெல் மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது.

ஓடும்போது அந்தப் பம்பு 200 மில்லிஆம்பியர் எடுக்கலாம். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் வேறு கதை. சுழலும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நிற்கும் மோட்டாரில் அது இல்லை, கம்பிச்சுருளின் மின்தடை மட்டுமே தடுக்கிறது. பம்பின் இரு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் 4 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 1.25 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதைவிட ஆறு மடங்கு.

மெல்லிய யுஎஸ்பி கேபிளும் அதன் இணைப்புகளும் சேர்ந்து அரை ஓம் தடை தந்தால், அந்தக் கணத்தில் கேபிளிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. 1 ஆம்பியர் சார்ஜர் என்றால் அதுவும் தன் பங்குக்குத் தளரும். பல இஎஸ்பி-32 போர்டுகளில் உள்ள ரெகுலேட்டர், 3.3 வோல்ட் தருவதற்கு அதைவிட ஒரு வோல்ட்டுக்கும் கூடுதலாக உள்ளே எதிர்பார்க்கிறது. 4.4 வோல்ட்டுக்குக் கீழே போனாலே அது தடுமாறும். அதே நேரத்தில் வைஃபையும் பேச ஆரம்பித்தால் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சரிவை மல்டிமீட்டரில் தேடுவது வீண். சில பத்து மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். மீட்டர் சாவகாசமாக 4.9 என்று காட்டிக்கொண்டிருக்கும். அதைவிட நல்ல சோதனை, பம்பின் வயரை மட்டும் கழற்றிவிட்டு ரிலேயை அடிக்கவிடுவது. போர்டு நிலைத்தால் குற்றவாளி பம்புதான். பிறகு பம்புக்குத் தனி சார்ஜர் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் தீராதா என்று கேட்பார்கள். 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரிலிருந்து 1.25 ஆம்பியரை உருவினால், ஒரே மில்லிவினாடியில் 1.25 வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் வேகம் பிடிக்க அதைவிட எவ்வளவோ நேரமாகும். பம்புக்குத் தனி வழி அமைப்பதே சரியான மருந்து. ரிலே வழியாக என்றால் இரு மின்வழிகளையும் முழுக்கப் பிரித்தே வைக்கலாம். ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் என்றால் இரண்டின் கிரவுண்டையும் ஒரே இடத்தில் இணைத்தாக வேண்டும்.

பம்பு கிளம்பும்போது அல்லாமல் நிற்கும்போது போர்டு விழுந்தால், வியாதி வேறு. கம்பிச்சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென நிற்க மறுக்கும். வழி அடைபட்டதும் மின்னழுத்தத்தை எகிறச் செய்து, ரிலேயின் தொடுமுனைகளில் பொறியாகப் பாயும். அந்த அதிர்வு பக்கத்து வயர்களில் ஏறி சிப்பைக் குழப்புகிறது. அப்போது மேலே சொன்ன வரி வராமலே போர்டு உறைந்து போகலாம். சென்சார் பொருந்தாத எண்களைத் தரலாம்.

கடையில் கிடைக்கும் ரிலே மாடியூலில்தான் டயோடு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கு மட்டும். பம்புக்கென்று ஒரு 1N4007 டயோடை அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே, வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் வரும்படி இணைக்க வேண்டும். திருப்பிப் போட்டால் நேரடி ஷார்ட். மோட்டாருக்கு நெருக்கமாக 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தால், பிரஷ்ஷிலிருந்து வரும் இரைச்சலும் அடங்கும்.

நிரலில் அந்தக் காவல் சுற்றையே அணைத்துவிடும் ஒரு வரியைச் சிலர் தீர்வு என்று பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம். மின்னழுத்தம் அப்போதும் சரியத்தான் செய்யும். சிப் அரை மயக்கத்தில் ஓடி, நினைவகத்தில் எழுதிக்கொண்டிருப்பதைக்கூடக் கெடுத்துவிடக்கூடும்.

டயோடு வைத்தியம் நேர்மின்சார மோட்டாருக்கு மட்டுமே. 230 வோல்ட் பம்பின் குறுக்கே டயோடு வைத்தால் அது அங்கேயே வெடிக்கும். அதற்கு மின்தடையும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் வேண்டும். அந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே முறை.