வாங்கும்போது திறந்திருந்த கதவு

நண்பர் சொன்னார் என்பதற்காக ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பணத்தை இழப்பவர்கள், பெரும்பாலும் வாங்கிய விலையை நினைத்தே வருந்துகிறார்கள். அந்த விலையில் வாங்க முடிந்தது எப்படி, விற்க நினைத்தபோது முடியாமல் போனது ஏன் என்ற கேள்விகளில்தான் நட்டத்தின் காரணம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, எடுத்துக்காட்டுக்காகப் புனைந்த ஓர் இளைஞரின் கதை உதவும். விலைகளும் புனைந்தவைதாம். நிகழும் முறை மட்டும் சந்தையில் திரும்பத் திரும்பக் காணப்படுவது.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் தொழிற்கூடத்தில் வேலை பார்ப்பவர் அவர். வயது 26. கையில் 1,20,000 ரூபாய் சேமிப்பு. உடன் படித்த நண்பர் ஒருநாள் சொல்கிறார்: “மச்சான், இந்தப் பங்கைப் பாரு. பெரிய குழுமம் ஒண்ணு இந்தக் கம்பெனியை வாங்கப்போகுதாம். நூறு ரூபா போகும்டா.” நண்பர் ஏமாற்றுக்காரர் அல்லர். தானும் அதில் பணம் போட்டிருக்கிறார். டெலிகிராம் குழு ஒன்றில் வந்த செய்தியை நம்பினார், நெருங்கியவருக்கும் நல்லது நடக்கட்டும் என்று சொன்னார். இத்தகைய வதந்திகள் பரவுவது இப்படிப்பட்ட நல்லெண்ணத்தின் மேல் ஏறித்தான்.

இளைஞர் விலை வரைபடத்தைப் பார்க்கிறார். ஐந்து வாரங்களுக்கு முன் 12 ரூபாயாக இருந்த பங்கு 36 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. நாள்தோறும் சரியாக 5 சதவீத ஏற்றம். இந்தியப் பங்குச் சந்தைகளில் பெரும்பாலான பங்குகளுக்கு ஒரே நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்ற வரம்பு உண்டு. பங்கைப் பொறுத்து அது 2, 5, 10 அல்லது 20 சதவீதம். மேல் வரம்பைத் தொட்டு நிற்பதை அப்பர் சர்க்யூட் என்றும், கீழ் வரம்பைத் தொட்டு நிற்பதை லோயர் சர்க்யூட் என்றும் சந்தையில் சொல்வார்கள்.

அவர் வாங்க முயல்கிறார், கிடைக்கவில்லை. அப்பர் சர்க்யூட்டில் வாங்குபவர்கள் வரிசையில் நிற்க, விற்பவர் யாருமில்லை. இரண்டு நாள் ஆர்டர் நிறைவேறாமல் போகிறது. கிடைக்காத பொருள் என்பதாலேயே அவருடைய நம்பிக்கை கூடுகிறது. மூன்றாம் நாள் 40 ரூபாய்க்கு 2,500 பங்குகள் ஒரே நொடியில் கைக்கு வருகின்றன. ஒரு லட்சம் ரூபாய் போட்டாயிற்று. அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்.

கதையில் மிக முக்கியமான நொடி இதுதான். இத்தனை நாள் விற்க யாருமே இல்லாத பங்கு, திடீரென்று கேட்ட அளவுக்குக் கிடைக்கிறது என்றால் பெரிய அளவில் வைத்திருந்த யாரோ விற்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். குறைந்த விலையில் வாங்கிக் குவித்தவர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையை ஏற்றி, பொய்ச் செய்தியைப் பரப்பி, வாங்கும் கூட்டம் திரண்டதும் அதன் தலையில் பங்குகளைக் கொட்டுவது பழைய உத்தி. கூட்டம் இல்லாமல் அவர்களால் வெளியேற முடியாது.

அடுத்த இரண்டு நாளில் விலை 44.10 ரூபாய்க்குப் போகிறது. திரையில் 10,250 ரூபாய் லாபம் தெரிகிறது. அதன்பின் லோயர் சர்க்யூட். 41.90, 39.80, 37.80 என்று நாளுக்கு ஒருமுறை இறங்குகிறது. மூன்றாம் நாளே அவர் விற்க ஆர்டர் போடுகிறார். வாங்க ஆளில்லை. ஒரே விலையில் பல ஆர்டர்கள் நின்றால் முதலில் வந்தவருக்கே முன்னுரிமை. அவருக்கு முன்னால் பல லட்சம் பங்குகள் காத்திருக்கின்றன. மாலையில் ஆர்டர் காலாவதியாகிறது, மறுநாள் காலை மீண்டும் வரிசை, இன்னும் 5 சதவீதம் குறைந்த விலையில். திரையில் தெரியும் விலை கைக்கு வரும் பணம் அல்ல என்பதை அவர் அறிவது இங்கேதான். குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானே விற்றுவிடும்படி வைக்கும் ‘ஸ்டாப் லாஸ்’ ஆர்டரும் இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் அதற்கும் வாங்குபவர் வேண்டும்.

விலை 26 ரூபாய்க்கு வந்தபோது, இன்னும் வாங்கினால் சராசரி விலை குறையும் என்கிறார் நண்பர். மீதமிருந்த 20,000 ரூபாயை இளைஞர் தொடவில்லை. தொட்டிருந்தால் அந்த ஆர்டர் நொடியில் நிறைவேறியிருக்கும், ஏனெனில் விற்கத் தவிப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பதினேழு லோயர் சர்க்யூட்டுகளுக்குப் பிறகு 18.40 ரூபாயில் வாங்க ஆள் வருகிறார்கள். அவர் விற்றுக் கிடைத்தது 46,000 ரூபாய். நட்டம் 54,000. அந்த 46,000 மறுபடி ஒரு லட்சமாக வேண்டுமானால் 117 சதவீதம் வளர வேண்டும்.

இத்தகைய நிகழ்வுகள் பதிவிலும் உள்ளன. 2022இல் சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தைப் பற்றி, பெரிய குழுமம் அதை வாங்கப்போகிறது என்பது உள்ளிட்ட பொய்களைச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் பரவின. அதன் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343ஆக உயர்ந்ததை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 மார்ச்சில் வெளியிட்ட ஆணையில் சுட்டிக்காட்டியது. தொடர்புடையவர்கள் பலருக்குச் சந்தையில் தடையும் விதித்தது.

நட்டத்துக்குப் பிறகு இளைஞர் செய்தது, முன்பே செய்திருக்கக்கூடியது. அந்த நிறுவனத்தின் பக்கத்தைப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் திறந்தார். பட்டியலிட்ட நிறுவனங்கள் காலாண்டுதோறும் வரவு செலவையும் பங்குதாரர் விவரத்தையும் அங்கே வெளியிட்டாக வேண்டும். விற்பனை மூன்று ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது. நிறுவனர் தரப்பின் பங்கு 58 சதவீதத்திலிருந்து 41ஆகச் சரிந்திருந்தது. நிறுவனம் கைமாறப்போகிறது என்ற செய்தி உண்மையானால், அதை நடத்துபவர்களே முன்கூட்டி விற்றுத் தள்ளுவதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி அந்த ஒரு வரியிலேயே எழுந்திருக்கும். கைமாறுவதைப் பற்றிய அறிவிப்போ எங்குமே இல்லை. இந்த விவரங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகின்றன என்பதால் கடைசி சில வாரங்களின் விற்பனை அவற்றில் தெரியாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வதந்திகளை உறுதி செய்யவோ மறுக்கவோ வேண்டும் என்ற விதி, 2024 டிசம்பர் முதல் மிகப்பெரிய 250 நிறுவனங்களுக்குப் பொருந்துகிறது. சிறிய நிறுவனத்தின் மௌனம் வதந்தியை உண்மையாக்கிவிடாது.

கட்டணம் வாங்கிக்கொண்டு பங்குப் பரிந்துரை செய்பவர்கள் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர்களின் பதிவு எண் INH என்றும், ஆலோசகர்களின் எண் INA என்றும் தொடங்கும். அந்த டெலிகிராம் குழுவில் அப்படி எந்த எண்ணும் இல்லை. குழுவின் செய்திகளைப் படமெடுத்து, scores.sebi.gov.in தளத்தில் அவர் புகார் பதிந்தார். புகாரால் போன பணம் திரும்பும் என்று உறுதியில்லை. ஆனால் விசாரணைக்குத் தடயம் கிடைக்கிறது.

54,000 ரூபாய் நட்டத்துக்கு ஒரு சிறிய பயன் மிஞ்சுகிறது. வாங்கி ஓராண்டுக்குள் விற்றதால் அது குறுகிய கால மூலதன நட்டம். சம்பளத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. பங்குகளில் பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், எட்டு ஆண்டுகள் வரை. அதற்கு, நட்டம் ஏற்பட்ட ஆண்டின் வருமான வரிக் கணக்கை உரிய கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.