அவர் கார்டில் வாங்கினால் அவர் ஸ்கோர்தான் வளரும்

கணவரின் கிரெடிட் கார்டோடு சேர்த்து மனைவிக்கும் ஒரு கார்டு கொடுப்பார்கள். ‘ஆட்-ஆன் கார்டு’ என்பார்கள். அட்டையில் மனைவியின் பெயர் அச்சாகியிருக்கும். கடைக்குப் போவதும் தேய்ப்பதும் அவர்தான். மாதம் தவறாமல் பில் கட்டச் சொல்லி நினைவூட்டுவதும் பெரும்பாலும் அவர்தான். பத்து வருடம் இப்படிப் பயன்படுத்திவிட்டு, ஒரு நாள் தையல் மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டால், “மேடம், உங்க பேர்ல ஹிஸ்டரியே இல்லையே” என்று பதில் வரும். ஏனென்றால் அந்தக் கார்டின் கடன் முழுக்கக் கணவருடையது. ஒழுங்காகக் கட்டிய பெருமையும் அவருடைய பான் எண்ணில்தான் சேரும்.

இந்தியாவில் நம் கடன் விவரங்களைச் சேகரிக்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கியவர்களின் கணக்கு விவரத்தை இவற்றுக்கு அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. நாம் சாதாரணமாக ‘சிபில் ஸ்கோர்’ என்பது இதைத்தான்.

இந்தக் கணக்கில் சேமிப்புக்கு இடமில்லை. பெட்டியில் இருக்கும் நகை, சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம், தெருவில் நடக்கும் ஏலச்சீட்டை ஒரு தவணை தவறாமல் கட்டியது, அடகுக் கடையில் வைத்த வளையலைச் சொன்ன தேதிக்கு மீட்டது எதுவும் இதில் ஏறாது. பதிவு பெற்ற நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் இருந்து, அதை நீங்கள் எப்படித் திருப்பினீர்கள் என்பது மட்டும்தான் ஏறும். அதனால்தான் வீட்டுச் செலவைச் சிக்கனமாக நடத்தும் பெண்ணின் பெயரில் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

புதிதாக ஏதும் வாங்கும் முன், உங்கள் பெயரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, செல்பேசி எண் கொடுத்து எடுக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பலருக்கு மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘NH’ என்றோ ‘-1’ என்றோ இருக்கும். வரலாறு இல்லை என்று பொருள். மோசமான வரலாறு என்று பொருளல்ல. சிலருக்கோ எதிர்பாராத வரிகள் தென்படும். அவசரத்துக்குக் கணவர் உங்கள் நகையை வங்கியில் உங்கள் பெயரில் வைத்திருக்கலாம். ஒரு வருடத்தில் மாற்றி வைக்க வேண்டியதை மூன்று மாதம் தள்ளிப் போட்டிருந்தால், அந்தத் தாமதம் உங்கள் அறிக்கையில் நிற்கும். வாரத் தவணையில் வாங்கிய நுண்கடனும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்குக் கீழும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். ‘000’ என்றிருந்தால் அந்த மாதம் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். ‘034’ என்றிருந்தால் தவணை 34 நாள் தாமதமாகியிருக்கிறது. மொத்த அறிக்கையில் கவனமாகப் படிக்க வேண்டியது இந்தக் கட்டங்களைத்தான். உங்களுடையதல்லாத கடனோ, கட்டி முடித்த கடன் பாக்கியாகவோ தெரிந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இன்ஷியலும் செல்பேசி எண்ணும்

நம் ஊர்ப் பெண்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இன்ஷியல், ரேஷன் கார்டில் கணவரின் இன்ஷியல், பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயரே கடைசிப் பெயராக. கடன் தகவல் நிறுவனங்கள் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் ஒருவரின் கடன்களை ஒன்றாகச் சேர்க்கின்றன. ஓரிடத்தில் ஒரு பெயரும் இன்னோரிடத்தில் வேறு பெயரும் இருந்தால், ஒரே பெண்ணின் வரலாறு இரண்டு கோப்புகளாகப் பிரிந்துவிடக்கூடும். கல்யாணம் ஆனதால் பான் கார்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் இருக்கட்டும்.

இன்னொன்று செல்பேசி எண். பல வீடுகளில் மனைவியின் வங்கிக் கணக்கில் கணவரின் எண்தான் இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும், பில் வந்த செய்தியும் அவருக்குப் போகும். வங்கிக் கிளைக்குப் போய் உங்கள் எண்ணை மாற்றிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு கார்டு

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி, ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கிரெடிட் கார்டு. பல வங்கிகள் இதைத் தருகின்றன. பணம் வங்கியிடமே இருப்பதால் வருமானச் சான்று கேட்பதில்லை. டெபாசிட் தொகையில் பெரும்பாலும் 75 முதல் 90 சதவீதம் வரை கார்டின் வரம்பாகத் தருவார்கள். டெபாசிட்டுக்கு வட்டியும் வழக்கம்போல வரும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது, அவ்வளவுதான். டெபாசிட் உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். அந்தப் பணம் கணவர் கொடுத்தது என்றால், அதன் வட்டியை அவருடைய வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். உங்கள் சம்பாத்தியமோ, பிறந்த வீட்டில் கொடுத்ததோ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

திண்டுக்கல்லில் ஓர் இல்லத்தரசி 25,000 ரூபாய் டெபாசிட் போட்டு, 80 சதவீத வரம்புள்ள கார்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 20,000 ரூபாய். பில் போடும் தேதி 5, கட்ட வேண்டிய கடைசித் தேதி 25. கேஸ் சிலிண்டர், மின்கட்டணம், மளிகை ஆகிய மூன்றுக்கு மட்டும் கார்டைப் பயன்படுத்துகிறார். மாதம் ஏறக்குறைய 4,000 ரூபாய் ஆகிறது. வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். இவருக்கு அது 6,000 ரூபாய். தீபாவளி மாதத்தில் துணிமணியும் சேர்த்து 12,000 ஆகிவிட்டால், பில் போடும் 5-ஆம் தேதிக்கு முன்பே 8,000 ரூபாயைக் கட்டிவிடலாம். பில்லில் நிற்கும் பாக்கி 4,000 ஆகக் குறைந்துவிடும். பெரும்பாலும் பில்லில் உள்ள அந்தப் பாக்கிதான் கடன் நிறுவனங்களுக்குப் போய்ச் சேரும்.

பணம் கட்டும் வழியிலும் ஒரு ஏற்பாடு வேண்டும். வீட்டுச் செலவுக்குக் கணவர் தரும் பணத்திலிருந்து அந்த 4,000 ரூபாய் முதலில் இவருடைய சேமிப்புக் கணக்கில் போகிறது. அங்கிருந்து பில்லின் முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ‘ஆட்டோ டெபிட்’ கொடுத்துவிடுகிறார். படிவத்தில் ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். முதலாவதில்தான் டிக் போட வேண்டும்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் அறிக்கையில் தாமதம் பதிவாகாது. ஆனால் பர்ஸ் காலியாகும். 4,000 ரூபாய் பில்லுக்கு 200 ரூபாய் மட்டும் கட்டினால், மாதம் 3.5 சதவீத வட்டியில் மீதிக்கு 133 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ஏறும். அதோடு, அடுத்து வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் போய்விடும்; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும், அறிக்கையில் கறையும். டெபாசிட்டில்தான் எடுத்துக்கொள்வார்களே என்று இருந்துவிட முடியாது. வங்கி அதில் கழித்துக்கொண்டாலும், கட்டத் தவறிய பதிவு அப்படியே இருக்கும்.

இப்படி ஏறக்குறைய ஆறு மாதம் போனால் மதிப்பெண் தோன்றும். முதலில் வரும் எண்ணைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். சில மாத வரலாற்றை வைத்துப் போட்ட எண் அது. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ‘000’ நீள நீளத்தான் அதற்குக் கனம் கூடும்.

எங்கே கெட்டுப்போகிறது

முதல் மதிப்பெண் வந்ததும் நாலைந்து வங்கியில் கார்டுக்கு விண்ணப்பிப்பது ஒரு தவறு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்டதாகப் பதிவாகும். குறுகிய நாட்களில் பல பதிவுகள் இருந்தால், பணத்துக்கு அலைகிறார் என்று கடன் தருபவர்கள் நினைப்பார்கள்.

மறந்துபோன ஆண்டுக் கட்டணம் இன்னொன்று. பயன்படுத்தாமல் பீரோவில் கிடக்கும் கார்டுக்கு 500 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டியோடு 590. பழைய எண்ணுக்குப் போன பில்லை யாரும் பார்க்கவில்லை என்றால், அந்தச் சிறு தொகையே மாதக் கணக்கில் நிலுவையாகி, கட்டங்களில் ‘030’, ‘060’ என்று வளரும். வேண்டாத கார்டை எழுத்து மூலம் மூடச் சொல்லி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வைக்க வேண்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

மதிப்பெண் 780 இருந்தாலும் வீட்டுக் கடனுக்கு வங்கி வருமானம் கேட்கும். திருப்பும் பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் மதிப்பெண் சொல்லும். திருப்பப் பணம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பிள்ளையின் கல்விக் கடனில் தாயாகச் சேர்ந்து கையெழுத்துப் போடும்போதும், பலகாரக் கடைக்கோ தையல் கடைக்கோ சிறு கடன் கேட்கும்போதும் இந்த வரலாறு பேசும். கணவர் இல்லாமல் போனால் ஆட்-ஆன் கார்டும் அவருடைய கணக்கோடு முடிந்துவிடும். அவருடைய நல்ல மதிப்பெண் மனைவிக்கு வாரிசுச் சொத்தாக வராது. அந்த நேரத்தில் உங்கள் பெயரில் ஏற்கெனவே இருப்பதுதான் துணை.

தனி வரலாறு என்றால் அதைக் காக்கும் பொறுப்பும் தனிதான். கணவரின் கடன் தவறினால் அது உங்கள் அறிக்கையைத் தொடாது, நீங்கள் இணைக்கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை. போட்டுவிட்டால், அவர் தவணை தவறிய ஒவ்வொரு மாதமும் உங்கள் கட்டத்திலும் பதியும். “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்று படிவத்தை நீட்டும்போது, எந்தக் கடன், எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டு, படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு போடுங்கள். போட்ட பின், ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்த இலவச அறிக்கையில் அந்தக் கடனின் கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். அது உங்கள் கடனும்தான்.