மிளகுப் பணத்தை எங்கே போடுவது? அஞ்சலகமும் வங்கியும்: ஏற்காடு மலைக் கணக்கு

சேர்வராயன் மலையில் சிறிய தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கையில் காசு புழங்குவது வருஷத்தில் மூன்று நான்கு மாதம்தான். மார்கழி, தை மாதங்களில் காபிப் பழம் பறித்து விற்ற பணம் வரும். அதன் பின்னாலேயே சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு அறுவடைக்கு வரும். பங்குனி முடிந்தால் அடுத்த காபி வரை கூலி வேலைதான் கைகொடுக்கும். ஆனால், சேமிப்புத் திட்டங்களோ மாதாமாதம் கட்டச் சொல்கின்றன. அஞ்சலகத்தில் போடுவதா, வங்கியில் போடுவதா என்று கேட்பவர்கள், வட்டியோடு இந்த விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கணக்கில் என்ன வித்தியாசம்?

அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 2011 டிசம்பர் முதல் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி. பொதுத்துறை வங்கிகளில் பெரியதான ஸ்டேட் வங்கி, 2025 ஜூன் முதல் 2.5 சதவீதம் தருகிறது. ஆனால், கணக்கிடும் முறை வேறு. வங்கியில் தினமும் உள்ள இருப்புக்கு வட்டி உண்டு. அஞ்சலகத்தில் 10-ம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை எது மிகக் குறைந்த இருப்போ, அதற்கு மட்டும்தான் அந்த மாத வட்டி. 12-ம் தேதி பணம் போட்டால், அந்த மாதத்துக்கு அதற்கு வட்டி கிடையாது. 25-ம் தேதி எடுத்தாலும் அப்படித்தான். ஆகவே, போடுவதை 10-ம் தேதிக்குள் போடுவதும், எடுப்பதை அடுத்த மாதம் பிறந்ததும் எடுப்பதும் நல்லது.

அஞ்சலகக் கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். நிதியாண்டு முடியும்போது அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். வங்கியில் ஜன்தன் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

பஸ் ஏறும் செலவு

வங்கிக்குப் போக வேண்டுமானால், உள்கிராமத்துக்காரர்கள் பஸ் ஏறி ஏற்காடு ஊருக்குள் வர வேண்டும். வரிசையில் நின்று திரும்பினால் அரைநாள் கூலி போய்விடும். 500 ரூபாய் கட்டுவதற்கு அது கட்டுப்படியாகாது. கிளை அஞ்சலகம் பக்கத்திலேயே உள்ள ஊர்களில் இந்தச் செலவு மிச்சம். ஆனால், கிளை அஞ்சலகம் நாள் முழுக்கத் திறந்திருக்காது. சில மணி நேரம்தான். அங்கே ஒருவர் ஒரு நாளில் 20,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம். கையிருப்பு குறைவாக இருந்தால் அதுவும் உடனே கிடைக்காது. ஆஸ்பத்திரி, காலேஜ் கட்டணம் என்று பெரிய தொகை தேவைப்படுமானால், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

ஆர்.டி-யில்தான் சூட்சுமம்

சிறு சேமிப்பாளருக்கு முக்கியமானது ஆர்.டி எனப்படும் தொடர் வைப்புத்தான். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். காலம் ஐந்து வருஷம். வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக உயர்ந்தது. மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும் என்பதால், சேரும் அன்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்துவிட்டால் அந்த வட்டி ஐந்து வருஷத்துக்கும் மாறாது.

மாதம் 500 ரூபாய் கட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் கட்டுவது 30,000 ரூபாய். 6.7 சதவீதத்தில் முடிவில் கைக்கு வருவது சுமார் 35,680 ரூபாய்.

மழைக்காலத்தில் கூலி இல்லாமல் தவணை தவறினால் என்ன ஆகும்? 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். 500 ரூபாய்த் தவணைக்கு மாதம் 5 ரூபாய்தான். ஆனால், நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்காவிட்டால், அந்தக் கணக்கில் மேற்கொண்டு பணம் கட்ட முடியாது. வருமானம் இல்லாத மாதங்கள் அடுத்தடுத்து வரும் மலைக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு வழியும் அதே திட்டத்தில் இருக்கிறது. தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். கட்டினால் தள்ளுபடியும் உண்டு. நடப்பு மாதத்தையும் சேர்த்து 6 தவணை ஒன்றாகக் கட்டினால் 100 ரூபாய்க்கு 10 ரூபாய். 12 தவணை கட்டினால் 40 ரூபாய். மாதம் 500 ரூபாய்க் கணக்குக்கு, மிளகு விற்ற கையோடு 12 தவணையையும் கட்டினால் 200 ரூபாய் குறையும். 6,000 ரூபாய்க்குப் பதில் 5,800 கட்டினால் போதும். அதே பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டினால், அஞ்சலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 110 ரூபாயும், 2.5 சதவீதம் தரும் வங்கியில் சுமார் 70 ரூபாயும்தான் வட்டி கிடைக்கும். அறுவடைக்கு அறுவடை இப்படிக் கட்டினால் ஐந்து வருஷத்தில் தள்ளுபடி மட்டும் 1,000 ரூபாய். தவணை தவறும் பயமும் இல்லை.

பாதியில் உடைத்தால்?

இங்கேதான் வங்கி முந்துகிறது. அஞ்சலக ஆர்.டி-யை மூன்று வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. அதன்பின், ஐந்து வருஷம் முடிய ஒரு நாள் இருக்கும்போது முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். மூன்று வருஷம் முடிந்ததும் உடைத்தால், கட்டிய 18,000 ரூபாய்க்கு வட்டி சுமார் 1,100 ரூபாய். வங்கியில் மூன்று வருஷ ஆர்.டி-யாகவே 6 சதவீதத்தில் போட்டிருந்தால் சுமார் 1,750 ரூபாய் கிடைத்திருக்கும். வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி-கூட உண்டு. மகளின் கல்யாணம், கூரை மாற்றுவது என்று இரண்டு மூன்று வருஷத்தில் செலவு தெரிந்தே இருந்தால், வங்கியே சரி.

திடீர் அவசரம் என்றால் அஞ்சலக ஆர்.டி-யை உடைக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் முடிந்து 12 தவணை கட்டியிருந்தால், இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். ஆர்.டி வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

வங்கிக் கணக்கை விடக் கூடாது

பயிர்க்கடன், நகைக்கடன் எல்லாம் அஞ்சலகத்தில் கிடையாது. அதற்கு வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கம்தான். பணப் பாதுகாப்பில் இரண்டுமே குறைவில்லை. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

தபால்காரர் வீட்டுக்கே வந்து, கைரேகை வைத்துத் திறந்து தரும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அது 2018-ல் வந்த இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு. பழைய அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு அல்ல. வட்டி 4 சதவீதத்தைவிடக் குறைவு. ஆதார் வழியாக வரும் அரசு மானியம், கடைசியாக எந்தக் கணக்கை அதற்கென்று இணைத்தோமோ அங்கேதான் போகும். புதுக் கணக்கு தொடங்கும்போது மானியத்தை அதற்கு மாற்றச் சம்மதித்துவிட்டு, பழைய வங்கிக் கணக்கில் பணத்தைத் தேடினால் கிடைக்காது.

பாஸ்புக் கையில் இருக்கட்டும்

தெரிந்தவர்தானே என்று பாஸ்புக்கை யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. பணம் கட்டியதும் தொகையும் தேதி முத்திரையும் பதிவாகியிருக்கிறதா, செல்போனுக்குக் குறுந்தகவல் வந்ததா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால், ஏற்காடு போகும் நாளில் அங்குள்ள அஞ்சலகத்தில் கணினி இருப்பும் பாஸ்புக் இருப்பும் ஒன்றுதானா என்று கேட்டு, அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து வருஷம் தொடாமல் வைக்கும் பணத்துக்கு அஞ்சலக ஆர்.டி, மானியத்துக்கும், கடனுக்கும், சீக்கிரம் தேவைப்படும் பணத்துக்கும் வங்கி. மலையில் சிறு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினைதான் தோதாக இருக்கும். தவணையை மட்டும் அறுவடைப் பணத்திலேயே முடித்துவிடுங்கள்.