நாலாயிரம் மணி நேரத்துக்கு இன்னும் எத்தனை மாதம்?

புதிதாக யூடியூப் சேனல் தொடங்கியவர்கள் ஏழெட்டு மாதம் ஆனதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். விளம்பர வருமானத்துக்கு வேண்டியது 4,000 வாட்ச் ஹவர்ஸ். இதுவரை சேர்ந்தது 1,100. மீதி 2,900. போன மாதம் வந்தது 145 மணி நேரம். 2,900-ஐ 145-ஆல் வகுத்தால் 20. ஆக, இன்னும் 20 மாதம் பொறுத்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் விடை தவறு. மாதம் 145 மணி நேரம் என்ற இதே வேகத்தில் ஓடினால் அந்தச் சேனல் 20 மாதத்தில் அல்ல, 20 வருடம் ஆனாலும் 4,000-ஐத் தொடாது.

காரணம் விதியிலேயே இருக்கிறது. 2017 ஏப்ரலில் யூடியூப் வைத்திருந்த வரம்பு, சேனல் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் 10,000 வியூஸ். அது சேரச் சேர ஏறும், குறையாது. 2018 ஜனவரியில் அதை மாற்றி, 1,000 சப்ஸ்கிரைபர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரமும் வேண்டும் என்று அறிவித்தார்கள். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. வாட்ச் ஹவர்ஸுக்கு உண்டு. ஒவ்வொரு நாளும் புதிய நாளின் மணி நேரம் உள்ளே வரும்போது, போன வருடம் அதே நாளில் கிடைத்த மணி நேரம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். சேனலுக்கு ஒரு வயது ஆகும்வரை கழிவதற்கு எதுவும் இல்லை என்பதால் இந்த விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. முதல் வருடம் முழுக்க எண் ஏறிக்கொண்டே இருக்கும். வகுத்தல் கணக்கு சரியானது என்ற நம்பிக்கையும் அப்போதுதான் வேரூன்றுகிறது.

ஆகவே “எத்தனை மாதம்” என்று கேட்கும் முன்னால் “இந்த வேகத்தில் எட்டவே முடியுமா” என்று கேட்க வேண்டும். 4,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 333 மணி நேரம் சொச்சம். நாளைக்கு ஏறத்தாழ 11 மணி நேரம். யூடியூப் ஸ்டூடியோ வழக்கமாகக் கடைசி 28 நாள் கணக்கைத்தான் முதலில் காட்டும். அந்தக் கணக்கில் இது 307 மணி நேரம். அதற்குக் கீழே ஒரே சீராக ஓடும் சேனலுக்கு மாதக் கணக்கு என்று ஒன்று கிடையாது. அது தன் 12 மாத மொத்தத்தை எட்டியதும் அங்கேயே நின்றுவிடும். மாதம் 145 என்றால் அந்த இடம் 1,740.

ஒரு சேனலை வைத்து மாதவாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜனவரியில் தொடங்கிய, இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பைத் தமிழில் சொல்லித்தரும் சேனல் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 20 மணி நேரம், பிப்ரவரியில் 35, மார்ச்சில் 60. ஏப்ரலில், வெயிலில் வண்டி நடுவழியில் நின்றுபோவது பற்றிய வீடியோ ஒன்று எங்கெங்கோ பரவி, அந்த மாதம் மட்டும் 510 மணி நேரம் கிடைக்கிறது. பிறகு மே மாதம் 180, ஜூனில் 150, ஜூலையில் 145. மொத்தம் 1,100.

இனி ஒவ்வொரு மாதமும் 145 என்றே கொள்வோம். டிசம்பர் முடிவில் 1,825. அடுத்த ஜனவரியில் 145 வருகிறது, பழைய ஜனவரியின் 20 போகிறது. நிகரமாக ஏறுவது 125 மட்டும். மார்ச் முடிவில் 2,145. அந்தச் சேனல் தொடும் உச்சம் அதுதான். ஏப்ரலில் புதிதாக 145 வரும்போது, பழைய ஏப்ரலின் 510 மொத்தமாகக் கழிகிறது. எண் 1,780-க்கு இறங்குகிறது. யூடியூப் தன் மணி நேரத்தைத் திருடிவிட்டது என்று சேனல்காரர்கள் பதறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். யாரும் எதையும் எடுக்கவில்லை. ஓடிய ஒரு வீடியோவுக்கு ஒரு வயது ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஏப்ரல் மாதம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். ஏழு மாத மொத்தத்தை ஏழால் வகுத்தால் சராசரி 157 வருகிறது. ஏப்ரலை விட்டுவிட்டு மற்ற ஆறு மாதங்களை மட்டும் எடுத்தால் 98. கணக்குக்கு முந்தைய மொத்தச் சராசரியும் உதவாது, உச்சமும் உதவாது. பரபரப்பு அடங்கிய பிறகு நிலைத்து நிற்கும் எண்தான் உதவும். இந்தச் சேனலுக்கு ஜூனும் ஜூலையும் அதைக் காட்டுகின்றன.

அப்படியானால் 4,000 எப்போது? வேகம் எவ்வளவு கூடும் என்பதைப் பொறுத்தது. அதை ஆசையிலிருந்து எடுக்காமல் சேனலின் சொந்த எண்ணிலிருந்தே எடுக்கலாம். ஜூலை முடிவில் அந்தச் சேனலில் 24 வீடியோக்கள் இருக்கின்றன என்போம். மாதம் 145 மணி நேரம் என்றால் நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதை 24 வீடியோக்களுக்குப் பிரித்தால், ஒரு வீடியோ நாளைக்கு ஏறத்தாழ 12 நிமிடம் சம்பாதிக்கிறது. சராசரியாக 4 நிமிடம் பார்க்கும் மூன்று பேர் போதும், அந்த 12 நிமிடத்துக்கு. மாதம் நான்கு வீடியோ போட்டு, புதியவையும் பழையவற்றைப் போலவே நடந்தால் நாளைக்கு 48 நிமிடம் கூடும். மாதத்துக்கு 24 மணி நேரம்.

இப்போது கணக்கு ஓடும். ஆகஸ்டில் 169, செப்டம்பரில் 193, அக்டோபரில் 217 என்று மாதம் 24 ஏறுகிறது. டிசம்பர் முடிவில் 2,185. மார்ச் முடிவில் 3,009. ஏப்ரலில் புதிதாக 361 மணி நேரம் வந்தும், பழைய 510 கழிவதால் மொத்தம் 2,860-க்கு இறங்குகிறது. உழைப்பு கூடிய மாதத்தில் எண் குறைகிறது. மே மாதத்திலிருந்து மறுபடி ஏறி, ஆகஸ்டில் 3,900, செப்டம்பரில் 4,188. ஜூலையிலிருந்து எண்ணினால் 14-வது மாதம்.

இந்தக் கணக்கில் மார்ச் மாதத்தைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூனில் யூடியூப் கீழ்ப்படி ஒன்றைச் சேர்த்தது. 500 சப்ஸ்கிரைபர், கடைசி 90 நாளில் மூன்று பொது வீடியோ, கடைசி 365 நாளில் 3,000 மணி நேரம் இருந்தால் உள்ளே வரலாம். விளம்பரப் பங்கு கிடைக்காது. சூப்பர் சாட், சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் போன்றவற்றின் மூலம் ரசிகர்களிடமிருந்து வருமானம் பெறலாம். மேலே சொன்ன சேனலுக்கு அந்தக் கதவு மார்ச் கடைசியில் திறந்து ஏப்ரலில் மூடி, மே மாதம்தான் மறுபடி திறக்கும். மாதவாரியாக எழுதிப் பார்த்தவருக்கு இது முன்கூட்டியே தெரியும். விண்ணப்பத்தை மார்ச்சிலேயே அனுப்பிவிடுவார்.

கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தொடக்க எண் தவறென்றால் எல்லாம் தவறு. ஸ்டூடியோவில் `Analytics` பக்கம் காட்டும் வாட்ச் டைமும் `Earn` பக்கம் காட்டும் எண்ணும் ஒன்றல்ல. முதலாவதில் எல்லாம் சேர்ந்திருக்கும். இரண்டாவதில் தகுதிக்குச் செல்லுபடியாகும் மணி நேரம் மட்டும்தான். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கப்பட்ட நேரம் 4,000-இல் சேராது. அதற்குத் தனி வழி, 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ். காசு கொடுத்து விளம்பரமாக ஓடவிட்ட பார்வை சேராது. பிரைவேட், அன்லிஸ்டட் வீடியோக்களின் நேரம் சேராது. லைவ் முடிந்ததும் அதன் பதிவை நீக்கினாலோ மறைத்தாலோ அந்த நேரமும் போய்விடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆரம்பத்தில் எடுத்த வீடியோக்களில் ஒலி சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று வெட்கப்பட்டு அவற்றை அழித்துவிடுகிறார்கள். வீடியோவோடு அதன் மணி நேரமும் கணக்கிலிருந்து போகிறது. வரம்பைத் தாண்டும்வரையாவது அவற்றை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

வீடியோ வகையையும் பார்க்க வேண்டும். ஒரு வீடியோ நாளைக்கு 12 நிமிடம் என்ற எண், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்பது போன்ற, தேடி வந்து பார்க்கும் வீடியோக்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும். செய்தி அலசலுக்கோ பட விமர்சனத்துக்கோ அது சில நாளில் வற்றிவிடும். அப்படிப்பட்ட சேனல், வீடியோ எண்ணிக்கையை வைத்து வளர்ச்சியைக் கணக்கிடக் கூடாது. ஒரு மாதத்தில் எத்தனை வீடியோ போட்டு எத்தனை மணி நேரம் வந்தது என்பதை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டும். ஏனென்றால், அங்கே அடுத்த மாதத்தின் மணி நேரம் ஏறக்குறைய முழுவதும் அடுத்த மாதத்து வீடியோக்களிலிருந்துதான் வரும்.

கணக்கு தவறிப்போகிறதா என்பது மூன்றாவது மாதமே தெரிந்துவிடும். அக்டோபருக்கு 217 என்று எழுதிவைத்த இடத்தில் 170 வந்தால், மாதம் 24 கூடும் என்ற அனுமானம் பொய்த்துவிட்டது. உண்மையில் கூடியது மாதம் எட்டு மணி நேரம்தான். அந்த எட்டை வைத்துத்தான் புதிய கணக்குப் போட வேண்டும், பழைய நம்பிக்கையை வைத்து அல்ல.

இன்னொரு விஷயமும் உண்டு. “4,000 மணி நேரம் முடித்துத் தருகிறோம்” என்று காசு கேட்கும் ஆட்களிடம் போக வேண்டாம். அப்படிச் செயற்கையாக ஓட்டிய நேரத்தை யூடியூப் செல்லாதது எனக் கழித்துவிடும். விண்ணப்பித்த பிறகு சேனலை ஆள் வைத்துப் பரிசோதிக்கும்போது விஷயம் இன்னும் சிக்கலாகலாம்.

அந்தப் பரிசோதனைக்கு வழக்கமாக ஒரு மாதம் வரை ஆகும். போட்ட கணக்கில் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சேனல் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு மாதக் கடைசி நாளும் `Earn` பக்கத்து எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சேனலுக்கு ஒரு வயது ஆகும் முன்பே இதைத் தொடங்கினால், அடுத்த வருடம் எந்த மாதம் எவ்வளவு கழியப்போகிறது என்பது அந்த நோட்டிலேயே எழுதியிருக்கும்.