சந்திப்பு நேரத்தை மாற்றுதல்

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தமிழ்மொழித் திட்டப்பணிக்காக ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரை நேர்காண ஏற்பாடு செய்திருந்தாள். மே 13, புதன்கிழமை, மாலை 4 மணிக்கு அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்திப்பதாக முடிவாகியிருந்தது. ஆனால், அறிவியல் செய்முறைத் தேர்வு அதே மாலைக்கு மாற்றப்பட்டிருப்பதாகத் திங்கட்கிழமை நண்பகலில் ஆசிரியர் அறிவித்தார்.

அவள் உடனே கைப்பேசியில் எழுதத் தொடங்கினாள்: “ஐயா, தயவுசெய்து மன்னித்துவிடுங்கள். தேர்வு திடீரென மாறிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேறு எந்த நாள் வசதிப்படும்?”

இச்செய்தியில் பணிவு இருக்கிறது. எனினும், படிப்பவருக்கு இரண்டு வேலைகள் சேர்ந்துவிடுகின்றன. அவர் மாணவிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். புதிய நாளையும் தாமே தேட வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை என்று சொன்னால், அன்று மாணவிக்கு இணைப்பாட நடவடிக்கை உண்டு. மீண்டும் மறுக்க நேரும். முதல் மாற்றத்தைப் பொறுத்துக்கொள்பவர்கூட, இரண்டாவது மறுப்பில் சலித்துக்கொள்வார்.

ஆகவே, அவள் அதை அனுப்பவில்லை. குழுவிலிருந்த மற்ற இருவரிடமும் எந்தெந்த நேரம் ஓய்வு என்று முதலில் கேட்டாள். அதற்குப் பத்து நிமிடந்தான் ஆயிற்று. பிறகு இவ்வாறு எழுதினாள்:

“வணக்கம் ஐயா. புதன்கிழமை மாலை 4 மணிக்கு எங்களுக்குத் தேர்வு வைத்துவிட்டதால், அன்று வர இயலவில்லை. மன்னிக்கவும். மே 14, வியாழன் மாலை 4 மணி அல்லது மே 16, சனி காலை 10 மணி உங்களுக்கு ஒத்துவருமா? அதே இடம், 45 நிமிடம் போதும். இரண்டும் ஒத்துவராவிட்டால், அடுத்த வாரம் உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள், ஐயா. நாளை இரவுக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

மன்னிப்பு ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. காரணமும் ஒரே வாக்கியந்தான். கிழமையுடன் தேதியையும் எழுதியது முக்கியம். ‘அடுத்த வியாழன்’ என்று மட்டும் சொன்னால், சிலர் இந்த வார வியாழனையும் சிலர் மறுவார வியாழனையும் நினைத்துக்கொள்வர். மேலும், ஒரு நேரத்தை மட்டும் குறிப்பிட்டிருந்தால் அது கட்டளைபோல் தோன்றியிருக்கும். ஐந்தாறு நேரங்களைக் கொடுத்தாலோ, பதில் வரும்வரை அத்தனையையும் காலியாக வைத்திருக்க வேண்டும்.

சந்திப்புக்கு இரண்டு நாள் இருந்ததால் குறுஞ்செய்தி போதுமானதாயிற்று. அன்றைக்கே தடங்கல் வந்திருந்தால், தொலைபேசியில் அழைப்பதே முறை. செய்தியைப் பார்க்காமலேயே பெரியவர் கீழே வந்து காத்திருக்கக்கூடும்.

அன்றிரவே பதில் வந்தது: “சனிக்கிழமை சரிம்மா. ஆனால் 9 மணிக்கே வாங்க. பிறகு நான் சந்தைக்குப் போகணும்.”

“நன்றி ஐயா. மே 16, சனி காலை 9 மணிக்கு வருகிறோம்,” என்று அவள் உறுதிப்படுத்தினாள். பின்னர், நேரம் 9 ஆகிவிட்டதையும் வியாழக்கிழமை சந்திப்பு இல்லை என்பதையும் தன் குழுவினருக்குத் தெரிவித்தாள்.